அத்தியாயம் 7: குறுக்கு விசைகளைக் கேட்டு ஒரு மின்னஞ்சல்

"உங்கள் மென்பொருள் ஸ்கிரீன் ரீடரோடு சரியாக வேலை செய்யவில்லை. தயவுசெய்து சரிசெய்யுங்கள்." இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், அதைப் படிக்கும் உதவிப் பிரிவு ஊழியருக்கு எதைச் சரிசெய்வது என்றே தெரியாது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். கடிதம் நிரலாளரின் மேசைக்குப் போகவே போகாது.

குறுக்கு விசைகளைப் பற்றிய குறையை அப்படி எழுதக் கூடாது. அதில் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் உண்டு. என்னென்ன விசைகள் இருக்கின்றன என்று எழுதி வெளியிடுங்கள் என்பது ஒன்று. எனக்கு ஒத்துவராத விசையை நானே மாற்றிக்கொள்ள விடுங்கள் என்பது மற்றொன்று. பட்டியல் மட்டும் கிடைத்தால், எட்டாத விசை எட்டாததாகவே இருக்கும். மாற்றும் வசதி மட்டும் கிடைத்தால், எதை மாற்றுவது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து, ஆனால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை, கடிதத்தின் வாசகம், பதில் வந்த பிறகு பார்க்க வேண்டியவை ஆகிய மூன்றும் இந்த அத்தியாயத்தில் வருகின்றன.

எடுத்துக்கொள்ளும் வழக்கு

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 கணினி, என்விடிஏ ஸ்கிரீன் ரீடர். ஒலியை ஓடவிட்டபடியே அருகில் தட்டச்சு செய்ய உதவும் ஒரு மென்பொருளை வாங்கியிருக்கிறார். அதில் அவருக்கு மூன்று சிக்கல்கள்.

முதலாவது, உரைக்குள் நேரக்குறி இடுவதற்கான விசை Insert. என்விடிஏவுக்கும் அதுதான் தலைமை விசை. தனியாக அழுத்தினால் என்விடிஏ அதைத் தனக்கே வைத்துக்கொள்ளும், மென்பொருளுக்கு விடாது. இரண்டு முறை வேகமாக அழுத்தினால்தான் விடும். ஒரு பதிவுக்குப் பல நேரக்குறிகள் இடுபவருக்கு இது தினசரித் தொல்லை. Insert-லிருந்து விரலை எடுக்குமுன் T-ஐத் தட்டிவிட்டால், உரையில் எழுத்து விழாது. என்விடிஏ சாளரத்தின் தலைப்பை வாசிக்க ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, புதிய பேச்சாளரைச் சேர்க்க Ctrl+Alt+N. என்விடிஏவை நிறுவும்போது டெஸ்க்டாப் ஐகானுக்கு வழக்கமாகத் தரப்படும் விசையும் அதுவே. அழுத்தியதும் பேச்சாளர் சேர்வதில்லை. என்விடிஏ மூடிக்கொண்டு மறுபடி தொடங்குகிறது. சில நொடிகளுக்குக் கணினியில் குரலே இல்லை.

மூன்றாவது, வேகத்தைக் குறைக்க, ஐந்து நொடி பின்னால் போக என்று வேறு விசைகளும் இருப்பதாக விளம்பரம் சொல்கிறது. அவை எவை என்று தெரிந்துகொள்ள இரண்டே வழிகள். பொத்தானின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் எட்டிப்பார்க்கும் குறிப்பு ஒன்று. உதவிப் பக்கத்தில் விசைப்பலகையின் படம் மற்றொன்று. இரண்டுமே அவருக்குப் பயன்படாது.

எழுதுவதற்கு முன்: விசை எங்கே நிற்கிறது?

நீங்கள் அழுத்தும் விசை, மென்பொருளுக்குப் போவதற்கு முன் இரண்டு இடங்களைத் தாண்ட வேண்டும். முதலில் ஸ்கிரீன் ரீடர் அதைப் பார்க்கிறது. அது விட்டால், விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிய விசையா என்று பார்க்கிறது. அதுவும் விட்டால்தான் மென்பொருளின் முறை. எந்த இடத்தில் விசை மடக்கப்படுகிறது என்று கண்டுபிடித்து எழுதினால், கடிதத்தின் பாதி வேலை முடிந்தது. "எங்கள் கணினியில் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்ற பதிலுக்கும் இடமிருக்காது.

சோதனை இப்படி:

1. `NVDA+F2` அழுத்துங்கள். அடுத்து வரும் விசையை என்விடிஏ தொடாமல் அப்படியே உள்ளே விட்டுவிடும். உடனே Insert அழுத்துங்கள். நேரக்குறி விழுந்தால், மென்பொருளின் பக்கம் கோளாறு இல்லை. விசையை மடக்கியது ஸ்கிரீன் ரீடர். ஜாஸ் பயன்படுத்துபவர்கள் இதே சோதனைக்கு `Insert+3` அழுத்த வேண்டும்.

2. மறுபடி `NVDA+F2` அழுத்தி, அடுத்து Ctrl+Alt+N. இப்போதும் என்விடிஏ மறுதொடக்கம் ஆகிறதா? அப்படியானால் விசையை மடக்குவது என்விடிஏ அல்ல, விண்டோஸ். உறுதி செய்ய, டெஸ்க்டாப்பில் என்விடிஏ ஐகானில் நின்று Alt+Enter அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் Shortcut key என்ற கட்டத்தில் Ctrl + Alt + N என்று வாசிக்கும்.

3. மென்பொருளின் மெனுக்களை அம்புக்குறியால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விசை இருக்கும் இடத்தில் "சேமி, Ctrl+S" என்பதுபோல விசையும் சேர்ந்து வாசிக்கப்பட வேண்டும். பெயர் மட்டும் கேட்டால், திரையில் விசை எழுதியிருந்தும் ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். பார்வையுள்ள ஒருவரிடம், அந்த மெனு வரியின் வலது ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. என்விடிஏவை மூடிவிட்டு, பார்வையுள்ளவர் உதவியோடு அதே விசைகளை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். Insert அப்போது வேலை செய்தால் முதல் சோதனையின் முடிவு உறுதியாகிறது. Ctrl+Alt+N அழுத்தினால் என்விடிஏ மறுபடி தொடங்கும்; அதுவும் ஒரு சான்றுதான்.

என்விடிஏவின் பதிவேட்டை, அதாவது லாக் கோப்பை, இந்தக் கடிதத்தோடு இணைக்க வேண்டாம். பதிவின் அளவை உள்ளீடு, வெளியீடு வரை உயர்த்தி வைத்திருந்தால், நீங்கள் தட்டிய விசைகளும் கேட்ட வாசகங்களும் அதில் இருக்கும். வாடிக்கையாளரின் உரையாடலைத் தட்டச்சு செய்பவருக்கு அது வெளியே போகக் கூடாத பொருள். நிறுவனம் கேட்டால், மாதிரி ஒலிக்கோப்பு ஒன்றை வைத்துப் புதிதாக ஒரு பதிவு எடுத்துக் கொடுங்கள்.

கடிதம்

நிறுவனத்தின் உதவிப் பிரிவு எந்த மொழியில் பதில் எழுதுகிறதோ அந்த மொழியில் அனுப்புங்கள். இங்கே தமிழில்:

> பொருள்: குறுக்கு விசைகள்: பட்டியலும் மாற்றும் வசதியும் தேவை (பதிப்பு 4.2, விண்டோஸ் 11, என்விடிஏ)
>
> வணக்கம்.
>
> நான் பார்வையற்ற பயனர். உங்கள் மென்பொருளின் 4.2 பதிப்பை விண்டோஸ் 11-இல் என்விடிஏ ஸ்கிரீன் ரீடருடன் தினமும் பயன்படுத்துகிறேன். மவுஸ் பயன்படுத்துவதில்லை.
>
> இரண்டு விசைகள் உங்கள் மென்பொருள் வரை வந்து சேர்வதில்லை:
>
> 1. Insert (நேரக்குறி). இது என்விடிஏவின் தலைமை விசை. NVDA+F2 அழுத்திய பிறகு அழுத்தினால் நேரக்குறி விழுகிறது.
>
> 2. Ctrl+Alt+N (புதிய பேச்சாளர்). என்விடிஏவைத் தொடங்க விண்டோஸில் பதிவாகியிருக்கும் விசை இது. அழுத்தினால் ஸ்கிரீன் ரீடர் மறுதொடக்கம் ஆகிறது.
>
> மற்ற விசைகள் மவுஸ் குறிப்பிலும் உதவிப் பக்கத்துப் படத்திலும் மட்டுமே உள்ளன. என்னால் வாசிக்க முடியவில்லை.
>
> என் கோரிக்கைகள்:
>
> அ) எல்லாக் குறுக்கு விசைகளையும் உதவிப் பக்கத்தில் எழுத்து வடிவ அட்டவணையாக வெளியிடுங்கள்.
>
> ஆ) ஒவ்வொரு விசையையும் பயனரே மாற்றவும் நீக்கவும் வசதி தாருங்கள். அமைப்புச் சாளரம் உருவாக்க நாளாகும் என்றால், திருத்தக்கூடிய ஓர் எழுத்துக் கோப்பு போதும்.
>
> என்விடிஏவின் பக்கத்தில் மாற்றிக்கொள்வது எனக்குச் சரிவராது. Ctrl+Alt+N-ஐ நீக்கினால், என்விடிஏ உறைந்து நிற்கும்போது அதை மீட்க எனக்கு விசை இருக்காது.
>
> சோதனைப் பதிப்பு தந்தால் பார்த்துச் சொல்கிறேன்.
>
> நன்றி.

கடிதம் அவ்வளவுதான். இதைவிட நீளமானால், படிப்பவர் கோரிக்கை வரை வராமலே விட்டுவிடக் கூடும்.

ஏன் இப்படி எழுத வேண்டும்?

பொருள் வரியிலேயே பதிப்பு, இயங்குதளம், ஸ்கிரீன் ரீடர் மூன்றும் வந்துவிடுகின்றன. கடிதங்களைப் பிரித்து அனுப்புபவர் உள்ளே திறக்காமலே சரியான குழுவுக்கு அனுப்பிவிடலாம்.

"Insert-ஐ எடுத்துவிட்டு வேறு விசை வையுங்கள்" என்று கடிதம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டிருந்தால் நிறுவனம் Caps Lock-ஐ வைக்கலாம். என்விடிஏவை மடிக்கணினியில் பயன்படுத்தும் பலருக்கு அதுதான் தலைமை விசை. அல்லது Ctrl+Alt-உடன் வேறொரு எழுத்தைச் சேர்க்கலாம். பல மொழி விசைப்பலகைகளில் Ctrl+Alt இணைப்பு, வலது Alt விசைக்குச் சமம். இந்திய ஆங்கில விசைப்பலகையில் Ctrl+Alt+4 அழுத்தினால் ₹ குறி விழும். இதனாலேயே Ctrl+Alt இணைப்புகளைத் தவிர்க்கும்படி மைக்ரோசாஃப்ட் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் நிரலாளர்களுக்குச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒத்துவரும் ஒரே விசை கிடைப்பது அரிது. ஏற்கெனவே Insert-க்குப் பழகியவர்களும் மாற்றத்தை விரும்ப மாட்டார்கள். மாற்றும் உரிமையைக் கேட்டால் யாருக்கும் நட்டமில்லை.

"உங்கள் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்களேன்" என்பது இந்தக் கடிதத்துக்கு எளிதில் வரக்கூடிய பதில். அது முழுவதும் தவறான யோசனை அல்ல. என்விடிஏ அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், Insert-ஐத் தலைமை விசைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு Caps Lock-ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் பதில் சொல்லும் வரை அதையே தற்காலிக வழியாகக் கொள்ளுங்கள். ஆனால் Ctrl+Alt+N-ஐ எடுப்பது வேறு விஷயம். குரல் நின்றுபோன கணினியில் அந்த விசைதான் கைகொடுக்கும். அதனால்தான் அந்த ஒரு காரணத்தைக் கடிதத்திலேயே எழுதிவிட்டோம்.

சட்டத்தையும் தரநிலையையும் முதல் கடிதத்தில் இழுக்காதீர்கள். இழுத்தால் சரியாக இழுக்க வேண்டும். டபிள்யூசிஏஜி 2.1, 2018-இல் வெளியானபோது, குறுக்கு விசைகளைப் பற்றி 2.1.4 என்ற விதியைச் சேர்த்தது. அது K, M போன்ற தனி எழுத்து, எண், குறியீட்டு விசைகளுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றை அணைக்கவோ, Ctrl போன்ற விசையுடன் சேர்த்து மாற்றவோ வழி இருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட கூறில் நிற்கும்போது மட்டும் அவை வேலை செய்ய வேண்டும் என்கிறது. வலைப்பக்கங்களில் இது அவசியமான விதி. என்விடிஏவின் உலாவு நிலையில் K அழுத்தினால் அடுத்த இணைப்புக்குப் போகும். பக்கத்தின் சொந்த K விசை அங்கே வேலை செய்யாது. ஆனால் நம் வழக்கில் இருப்பவை Insert-உம் Ctrl+Alt+N-உம். இவற்றுக்கு 2.1.4-ஐக் காட்டினால், விதியை அறிந்த நிரலாளர் "இது எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். சரியாக இருந்த கோரிக்கையும் அதோடு போய்விடும்.

நல்ல பட்டியல் எப்படி இருக்கும்?

நிறுவனம் "எப்படி எழுதித் தர வேண்டும்?" என்று கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருங்கள். அட்டவணையில் நான்கு பத்திகள் போதும்: செயல், விசை, எந்தச் சாளரத்தில் வேலை செய்யும், மாற்ற முடியுமா. ஒலி, உரை, பேச்சாளர் என்று வேலை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் உண்மையான தலைப்பு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் H விசையால் பிரிவுக்குப் பிரிவு தாவலாம். "எந்தச் சாளரத்தில்" என்ற பத்தியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். அது இல்லாவிட்டால், உரைப்பெட்டியில் நிற்கும்போது வேலை செய்யாத விசையைக் கெட்டுப்போனது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்போம்.

மெனுவில் விசை வாசிக்கப்படவில்லை என்று மூன்றாவது சோதனையில் தெரிந்திருந்தால், அதை இந்தப் பதிலில் சேர்த்துச் சொல்லுங்கள். விண்டோஸ் மென்பொருள் என்றால், ஒவ்வொரு கூறுக்கும் `AcceleratorKey` என்ற பண்பை நிரப்ப வேண்டும். வலைத் தொழில்நுட்பத்தில் கட்டியது என்றால் `aria-keyshortcuts`. நிரலாளருக்கு இந்தப் பெயர் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இவை விசையை அறிவிக்க மட்டுமே. விசையை வேலை செய்ய வைப்பதில்லை.

மாற்றும் வசதி வந்ததும் சோதிக்க வேண்டியவை

அடுத்த பதிப்பில் "விசைகளை மாற்று" என்ற சாளரம் வந்துவிட்டது என்று வையுங்கள். உடனே நன்றி எழுதிவிடாதீர்கள். இந்தச் சாளரமே பார்வையற்றவருக்குப் பொறியாக அமைந்துவிடுவது உண்டு.

புதிய விசையை அழுத்தச் சொல்லும் கட்டத்துக்குள் போய் Tab அழுத்துங்கள். அடுத்த பொத்தானுக்குப் போக வேண்டும். கட்டம் Tab-ஐயும் Escape-ஐயும் புதிய குறுக்கு விசையாக எடுத்துக்கொண்டால், உள்ளே போனவர் வெளியே வர வழியில்லை. இது டபிள்யூசிஏஜியின் 2.1.2 விதிக்கு நேர் முரண். இங்கே விதியைத் தாராளமாகக் காட்டலாம்.

அதே கட்டத்தில் Ctrl+Shift+T அழுத்துங்கள். எந்த விசை பதிவானது என்று என்விடிஏ சொல்ல வேண்டும். திரையில் மட்டும் எழுதிவிட்டு மௌனமாக இருந்தால், சரியாகப் பதிவானதா என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு, ஏற்கெனவே வேறு வேலைக்கு ஒதுக்கியிருக்கும் விசையை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள். "இது சேமிப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்ற எச்சரிக்கை வாசிக்கப்பட வேண்டும். சிவப்புக் கோடு மட்டும் போட்டால் அது எச்சரிக்கை ஆகாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றிவிட்டு, புதிதாக வைத்த விசையை அழுத்துங்கள். தமிழ்99-இல் H இருக்கும் இடத்தில் க இருக்கிறது. மென்பொருள் விசையின் இடத்தைப் பார்க்காமல் விழும் எழுத்தைப் பார்த்தால், ஆங்கிலத்தில் வேலை செய்த Ctrl+H தமிழில் வேலை செய்யாமல் போகலாம். வலைத் தொழில்நுட்பத்தில் கட்டிய மென்பொருளில் `event.key`-க்குப் பதில் `event.code` பார்த்தால் இது தீரும் என்று நிரலாளருக்குச் சொல்லலாம்.

கடைசியாக, மென்பொருளை மூடித் திறந்தும், அடுத்த பதிப்புக்கு மாறியும் உங்கள் விசைகள் நிலைக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய விசைகளே திரும்பி வந்தால், வசதி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சாளரத்துக்குப் பதில் எழுத்துக் கோப்பைத் தந்தால் சோதனை இன்னும் எளிது. கோப்பில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```json
{ "command": "insertTimestamp", "key": "ctrl+shift+t" }
```

விஷுவல் ஸ்டுடியோ கோடில் `keybindings.json` கோப்பு இதே முறையில்தான் இயங்குகிறது. ஆடாசிட்டி, விசைகளை மாற்ற அமைப்புச் சாளரத்தைத் தருவதோடு, மாற்றியவற்றைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு கணினியில் இறக்குமதி செய்யவும் விடுகிறது. "இது முடியாத காரியம்" என்று நிறுவனம் சொன்னால், இந்த இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சல் தொடரிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "மேலே உள்ள இரண்டு கோரிக்கைகளில் (அ) எப்போது முடியும்?" முதலில் பட்டியலை மட்டும் கேளுங்கள். அதற்கு நிரல் எழுத வேண்டியதில்லை; ஏற்கெனவே தெரிந்த விசைகளை அட்டவணையாக எழுதினால் போதும். மறுக்கக் காரணம் கிடைக்காத கோரிக்கை அது. அது நிறைவேறிய பிறகு (ஆ)-வைத் தொடருங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால்தான் தரநிலைக்குப் போக வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 301 549 தரநிலை, அணுகல் வசதிகளைத் தயாரிப்பின் ஆவணங்களில் விளக்க வேண்டும் என்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டதுதான் இந்தியாவின் ஐஎஸ் 17802. இந்திய அரசு அலுவலகத்துக்கோ ஐரோப்பியச் சந்தைக்கோ விற்கும் நிறுவனமாக இருந்தால், இந்தப் பெயர்களைச் சொல்லும்போது கடிதம் உதவிப் பிரிவைத் தாண்டிப் போகும்.

விசைகள் சரியாகிவிட்டால், எந்தப் பதிப்பில் எந்த விசை இப்போது வேலை செய்கிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். திருத்தம் சரிதான் என்று நிரலாளருக்கு அதனால்தான் தெரியவரும். அடுத்த பதிப்பில் யாராவது அதைக் கெடுத்துவிட்டாலும், முன்பு வேலை செய்தது என்பதற்கு உங்கள் கையில் சான்று இருக்கும்.